சாய்வு எங்கிருந்து வருகிறது

ராசிபுரத்தில் நான் நடத்தும் ஸ்டுடியோவுக்கு வரும் வேலைகளில் பெரும்பங்கு இறந்தவர்களின் படம்தான். சாவு வீட்டிலிருந்து நேராக வருவார்கள். அன்று சாயங்காலத்துக்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஒரு படம் வேண்டும். கருமாதிக்குள் சட்டம் போட்டு மாட்ட 12-க்கு 18 அங்குலத்தில் ஒன்று வேண்டும். கையில் இருப்பது செல்போனில் எடுத்த படம். காதுகுத்திலோ கிரகப்பிரவேசத்திலோ யாரோ ஒரு பேரன் எடுத்திருப்பான். பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருப்பார். தோள் இரண்டும் முன்னால் மடங்கியிருக்கும், தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். படத்தைக் காட்டிவிட்டு அநேகமாக எல்லோரும் சொல்வது இதுதான்: "முகம் நல்லா இருக்குதுங்க. தலைய மட்டும் கொஞ்சம் நேராக்கிக் குடுங்க."

தலையை மட்டும் நேராக்கினால் படம் கெட்டுவிடும். கழுத்தில் ஒரு முறிவு விழும். காலர் ஒரு பக்கம் தாடையை முட்டும், மறுபக்கம் விலகி நிற்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், இது ஒட்டவைத்த தலை என்று மனதில் பட்டுவிடும். தலையில் நாம் பார்க்கும் சாய்வு முழுவதும் தலையில் பிறந்ததாக இருப்பதில்லை. கேமராவில் கொஞ்சம், இடுப்பில் கொஞ்சம், தோளில் கொஞ்சம் என்று கீழிருந்து ஏறிவந்து, கடைசியில் தலையில் மொத்தமாகத் தெரிகிறது. ஒவ்வொரு பங்கையும் அது பிறந்த இடத்திலேயே திருத்தினால், கழுத்தில் செய்ய வேண்டிய வேலை மிகச் சொற்பம்.

இந்த வரிசையை நான் கற்றது கம்ப்யூட்டரில் அல்ல. பிலிம் காலத்தில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் தொழில் பழகினேன். வெள்ளிப் பட்டறைகள் நிறைந்த பகுதி அது. நாளெல்லாம் குனிந்து கொலுசுக்குப் பற்றவைக்கிறவர்கள் படமெடுக்க வந்து உட்கார்ந்தால் தோள் தானாக முன்னால் மடங்கும். எங்கள் மாஸ்டர் அவர்களிடம் "நிமிர்ந்து உட்காருங்க" என்று சொல்லவே மாட்டார். சொன்னால் நெஞ்சை விறைத்துக்கொண்டு மூச்சைப் பிடிப்பார்கள். அதற்குப் பதிலாக ஸ்டூலின் முன்விளிம்புக்கு நகர்ந்து உட்காரச் சொல்வார். சாய்மானம் இல்லாத அந்த இடத்தில் இடுப்பு தானாக நிமிரும், இடுப்பு நிமிர்ந்ததும் தோள் விரியும். அதன் பிறகுதான் பக்கத்தில் போய்த் தாடைக்குக் கீழே இரண்டு விரல் வைத்துத் தலையைச் சற்றே திருப்புவார். அந்த நேரத்தில் தலைக்குத் தேவைப்படுவது ஒரு விரல் தொடுதல்தான்.

ஏற்கெனவே எடுத்த படத்தைத் திருத்த வேண்டுமானால் அன்றைக்குப் பிளேடுதான் கருவி. பிரிண்டில் உருவத்தை வெட்டி எடுத்து, வெட்டிய விளிம்பைப் பின்பக்கமாக மணல்தாளில் தேய்த்து மெலிதாக்கி, வேண்டிய சாய்வில் ஒட்டி, அதை மறுபடி படமெடுத்து நெகட்டிவ் செய்வோம். மாஸ்டர் அதற்கு வைத்திருந்த விதி, ஒட்டு ஒருபோதும் தோலில் விழக்கூடாது, துணியின் ஓரத்தில்தான் விழ வேண்டும் என்பது. ஃபோட்டோஷாப்பில் 2000-இல் Liquify வந்தது, 2010-இல் Puppet Warp வந்தது. பிளேடு போய்விட்டது. அந்த விதியை இன்றும் வைத்துத்தான் வேலை செய்கிறேன்.

ஒரு படத்தை முழுதாகச் சொன்னால் விளங்கும். பக்கத்துத் தறிக்கார ஊர் ஒன்றிலிருந்து ஒருவர் தன் அப்பாவின் படத்தைக் கொண்டுவந்தார். கைத்தறியில் பட்டு நெய்தவர். கல்யாண மண்டபத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நீலக் கோடு போட்ட வெள்ளைச் சட்டை, மேல் பட்டன் போடவில்லை. இடது தோளில் பார்டர் போட்ட துண்டு, அதன் முன்நுனி வயிறு வரை தொங்குகிறது. உடம்பு தன் வலப்பக்கமாகச் சரிந்து, தலையும் அதே பக்கம் சாய்ந்திருக்கிறது.

முதலில் அளக்க வேண்டும். Ruler Tool-ஐ எடுத்து ஒரு கண்மணியிலிருந்து மறு கண்மணிக்கு ஒரு கோடு இழுத்தால் மேலே A என்ற இடத்தில் கோணம் தெரியும். இவருக்கு அது 9 டிகிரி. அடுத்து, சட்டையில் கை சேரும் தையல் தோளில் தொடங்கும் இரண்டு இடங்களையும் சேர்த்து ஒரு கோடு. அது 6 டிகிரி. மூன்றாவதாகப் படத்துக்குள் உண்மையான செங்குத்து எது என்று கண்டுபிடிக்க வேண்டும். மண்டபத் தூணை நம்ப முடியாது. போனைச் சற்றுக் கீழ்நோக்கிப் பிடித்து எடுத்தால் ஓரத்துத் தூண்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து தெரியும். இந்தப் படத்தில் எனக்குத் துணை நின்றது அந்தத் துண்டுதான். தடையின்றித் தொங்கும் துணி கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி, அது எப்போதும் நேர் கீழேதான் விழும். துண்டின் ஓரத்தை அளந்தால் 2 டிகிரி சாய்வு. ஆக, அந்த 2 டிகிரி கேமராவைப் பிடித்த கையின் சாய்வு.

இப்போது கணக்கைப் பிரிக்கலாம். கண்ணில் தெரிந்த 9 டிகிரியில் 2 கேமராவுடையது. தோளில் தெரிந்த 6-இல் அந்த 2 போக மீதி 4 உடம்பு சரிந்ததால் வந்தது. அந்த 6-க்கும் கண்ணின் 9-க்கும் நடுவில் இருக்கும் 3 டிகிரிதான் கழுத்து உண்மையில் வளைந்த அளவு. மகன் பார்த்தது 9 டிகிரி சாய்ந்த தலை. கழுத்தில் நான் திருத்த வேண்டியது அதில் மூன்றில் ஒரு பங்கு.

திருத்துவதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுவது என் வழக்கம்: அவர் எப்போதும் இப்படித்தான் இருப்பாரா, அன்றைக்கு மட்டும் சரிந்தாரா? மகனோடு வந்திருந்த அம்மா சொன்னார்: "தல சாயாதுங்க, அன்னைக்கு அசந்து உக்காந்திருந்தாரு. ஆனா இந்த வலது தோளு அவருக்கு எப்பவுமே எறங்கித்தான் இருக்கும். கயிறு இழுத்து இழுத்து அப்படி ஆயிருச்சு." நாடா தறியில் ஒரு கை கயிற்றை இழுத்து நாடாவை ஓடவிடும், மறு கை பலகையை இழுத்து அடிக்கும். வாழ்நாள் முழுக்க அப்படி உட்கார்ந்த உடம்பு அவருடையது. ஆகவே தோளின் 4 டிகிரியில் 3-ஐ எடுத்துவிட்டு 1-ஐ விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். கழுத்தின் 3-இல் 2-ஐ எடுத்து 1-ஐ விடுவது. கடைசியில் தலையில் 2 டிகிரி சாய்வு மிஞ்சும். முழுக்கப் பூஜ்யம் ஆக்கினால் அடையாள அட்டைப் படம் மாதிரி முகம் விறைத்துப்போகும். இயல்பாக உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் ஒன்றிரண்டு டிகிரி எப்போதும் இருக்கும்.

வேலை கீழிருந்து தொடங்குகிறது. படம் முழுவதையும் 2 டிகிரி சுழற்றினேன். அது கேமராவின் பங்கு, அதனால் எதுவும் சிதையாது. பிறகு ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்து எடுத்தேன். நினைவுப் படத்துக்கு எப்படியும் புதுப் பின்னணிதான் போடப்போகிறோம். Free Transform-இல் சுழற்சி மையத்தைப் படத்தின் அடிவிளிம்பில், பட்டன் பட்டியின் மேல் வைத்து உடம்பு முழுவதையும் 3 டிகிரி நிமிர்த்தினேன். புதிய பதிப்புகளில் அந்த மையப் புள்ளி தானாகத் தெரியாது, மேலே உள்ள பட்டையில் அதற்கான கட்டத்தை டிக் செய்ய வேண்டும். இந்தச் சுழற்சியில் உடம்பு, சட்டை, கழுத்து, தலை எல்லாம் ஒரே கட்டையாகத் திரும்புகின்றன. எந்தக் கோடும் வளையவில்லை, எந்தத் தோலும் இழுபடவில்லை. மொத்தத் திருத்தத்தில் பாதிக்கு மேல் இப்படிச் சேதாரமே இல்லாமல் முடிந்துவிடுகிறது.

இப்படிச் சுழற்றலாமா என்று எல்லாப் படத்திலும் முதலில் பார்க்க வேண்டியது பட்டன் பட்டியை. தோள் சாய்ந்த அளவுக்குப் பட்டன் வரிசையும் சாய்ந்திருந்தால் உடம்பு முழுவதும் சரிந்திருக்கிறது, சுழற்றலாம். பட்டன் வரிசை நேராக இருந்து ஒரு தோள் மட்டும் இறங்கியிருந்தால், கையை நாற்காலியில் ஊன்றியதாலோ வழக்கத்தாலோ அந்தத் தோள் மட்டும் இறங்கியிருக்கிறது. அப்படிப்பட்டவர்களிடம் கண் பெரும்பாலும் மட்டமாகவே இருக்கும், ஏனென்றால் பார்வையை மட்டமாக வைத்துக்கொள்ளக் கழுத்து எதிர்ப்பக்கம் ஈடுகொடுத்துப் பழகியிருக்கும். அங்கே உடம்பைச் சுழற்றினால் நேராக இருந்த தலை எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும்.

சுழற்றியதும் ஒரு பொருள் மட்டும் பொய் சொல்ல ஆரம்பித்தது. உடம்போடு சேர்ந்து துண்டின் நுனியும் 3 டிகிரி திரும்பி, காற்றில் தள்ளியது போல நின்றது. சட்டை உடம்போடு திரும்பலாம், அது உடம்பில் மாட்டியிருக்கிறது. தொங்கும் துணி திரும்பக் கூடாது. துண்டு நெஞ்சைவிட்டு விலகி விழத் தொடங்கும் இடத்துக்குக் கீழே இருந்ததைத் தனி லேயராக்கி, அந்த இடத்தையே மையமாக வைத்து 3 டிகிரி திருப்பி நேர் கீழே விழவைத்தேன். சேலை முந்தானையின் தொங்கும் நுனி, சங்கிலியில் ஆடும் டாலர் ஆகியவற்றுக்கும் இதே கணக்கு. உடம்பை நிமிர்த்திய படம் ஏனோ ஒட்டாமல் தெரிந்தால் முதலில் நான் பார்ப்பது, தொங்குகிற பொருள் நேராகத் தொங்குகிறதா என்பதைத்தான்.

இனி மடங்கிய தோள். முன்னால் மடங்கிய தோளை நேரெதிரிலிருந்து பார்த்தால் தோள் நுனிகள் உள்ளே வந்து கீழே இறங்கியிருக்கும், கழுத்து குட்டையாகத் தெரியும். ஆகவே நுனிகளை வெளியேயும் சற்று மேலேயும் கொண்டுபோக வேண்டும். Puppet Warp-இல் கழுத்தின் அடியில் இரண்டு பக்கமும், அக்குளில், முழங்கையில், பட்டன் பட்டியில் முள் குத்தி அசையாமல் நிறுத்திவிட்டு, தோள் நுனியில் குத்திய முள்ளை மட்டும் நகர்த்தினேன். Mode-இல் Rigid, Density-இல் More Points. என் அளவு, முகத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தோள் நகரக் கூடாது. இந்தப் படத்தில் முகம் 310 பிக்சல் அகலம். நான் நகர்த்தியது வெளியே 20, மேலே 10. அதற்கு மேல் போனால் சட்டைக்குள் ஹேங்கர் வைத்தது போலத் தெரியும்.

கோடு போட்ட சட்டை இங்கேதான் சோதிக்கும். வெறும் வெள்ளைத் துணியில் தெரியாத இழுவை, கோட்டில் உடனே தெரியும். கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஓரிடத்தில் அகன்றுவிடும். அதைத் தவிர்க்கத் தையல்காரரின் தையலையே எல்லையாகப் பயன்படுத்துகிறேன். சட்டையின் முன்பக்கத் துணி தோளுக்குச் சற்றுக் கீழே ஒரு தையலில் முடிந்து, மேலே தனிப் பட்டி தொடங்கும். அந்தப் பட்டியில் கோடுகள் வேறு திசையில் ஓடும். கை சேரும் இடத்திலும் அப்படித்தான். இந்தத் தையல்களில் கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் இருப்பதுதான் இயல்பு. அதனால் தோள்பட்டி, முன்பக்கத் துணி, கை ஆகியவற்றை மூன்று துண்டாகத் தையல் வழியே பிரித்து, ஒவ்வொன்றையும் முழுதாக நகர்த்தினேன். இழுவையெல்லாம் தையலில் போய் ஒளிந்துகொண்டது, கோடுகள் கோடுகளாகவே இருந்தன.

பெண்கள் படத்தில் இந்தச் சோதனை சேலை பார்டரில் வரும். இடது தோளின் மேல் மடிப்போடு ஏறும் ஜரிகைப் பார்டரின் அகலம் வழியில் எங்கும் மாறக் கூடாது. அம்மாப்பேட்டையிலும் இளம்பிள்ளையிலும் தறியோடு வாழ்கிறவர்கள் முகத்தைப் பார்க்கும் முன்பே பார்டரைப் பார்த்துவிடுவார்கள். ஆகவே பார்டரை வளைப்பதே இல்லை. தனியாக எடுத்து வைத்துவிட்டு, தோளைத் திருத்தியபின் அதன் மேல் அப்படியே கிடத்தி, மடிப்பின் நிழலில் ஓரத்தைச் சேர்த்துவிடுகிறேன்.

கடைசியாகக் கழுத்தும் தலையும். எந்தப் புள்ளியைச் சுற்றித் தலையைத் திருப்புவது என்பதில்தான் கழுத்து பிழைப்பதும் கெடுவதும் இருக்கிறது. தலையை வெட்டியெடுத்து முகத்தின் நடுவை மையமாக வைத்துத் திருப்பினால் தாடை ஒரு பக்கம் நகரும், கழுத்து நின்ற இடத்திலேயே நிற்கும். முறிவு அங்கே விழுகிறது. நான் கழுத்தையும் தலையையும் சேர்த்து ஒரே துண்டாக எடுத்து, இரண்டு காறை எலும்புகளுக்கு நடுவிலுள்ள தொண்டைக்குழியை மையமாக வைக்கிறேன். மையத்தில் அசைவு பூஜ்யம், தூரம் போகப் போக அசைவு வளரும். இந்தப் படத்தில் 2 டிகிரி திருப்பியபோது, குழியிலிருந்து 60 பிக்சல் தள்ளியிருந்த காலர் ஓரத்தில் தோல் 2 பிக்சல்தான் நகர்ந்தது. 300 பிக்சல் தூரத்திலிருந்த காது மடலில் 10, உச்சந்தலையில் ஏறக்குறைய 24. திறந்த காலருக்கு நடுவே தெரியும் தோலில் ஒட்டு விழவே இல்லை. கழுத்தின் இரு பக்கத்திலும் விழுந்த ஒட்டு காலருக்குள் போய்விட்டது. சட்டை லேயர் மேலே, கழுத்து லேயர் கீழே. மாஸ்டரின் விதிதான் இது.

மடங்கி உட்கார்ந்தவரின் கழுத்து காலருக்குள் இறங்கியிருக்கும் என்பதால், கழுத்தும் தலையும் சேர்ந்த அதே லேயரை 8 பிக்சல் மேலே தூக்கினேன். காலரின் பக்கவாட்டில் அந்த அளவுக்கு வெற்றிடம் திறந்தது. காலரின் நிழல் விழும் இடம் என்பதால் அருகிலிருந்த நிழலான தோலை Clone Stamp-ஆல் கொண்டுவந்து மூடினால் போதும். இந்தத் தூக்கலில் பேராசை கூடாது. காலருக்கும் காது மடலுக்கும் உள்ள தூரம் திடீரென்று கூடினால் உடம்பு வேறு ஒருவருடையது போலாகிவிடும்.

கழுத்துத் தோலில் ஒரு சின்ன வேலை மிச்சம் இருக்கும். தலை சாய்ந்த பக்கம் தோல் மடிந்து வரி விழுந்திருக்கும். எதிர்ப்பக்கம் காதுக்குப் பின்னாலிருந்து தொண்டைக்குழிக்கு இறங்கும் தசை விறைத்துத் தெரியும். தலை நிமிர்ந்த பிறகும் இரண்டும் அப்படியே இருந்தால், நிமிர்ந்த தலைக்குக் கீழே சாய்ந்த கழுத்து என்று முரண்படும். வரிகளைத் தனி லேயரில் ஆற்றி, அந்த லேயரின் Opacity-ஐப் பாதியாகக் குறைத்தேன். தசையின் வெளிச்ச விளிம்பையும் அதேபோலத் தணித்தேன். முழுக்க அழித்தால் எழுபது வயது முகத்துக்குக் கீழே முப்பது வயதுக் கழுத்து நிற்கும்.

முடிந்ததைச் சோதிக்க எனக்கு மூன்று பார்வைகள் போதும். படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலமாகத் திருப்பினால், கண் பழகிப்போன சாய்வு புதிதாகத் தெரியும். இரண்டு பக்கத்துக் காது மடலிலிருந்தும் காலர் வரை உள்ள தூரத்தை ஒப்பிட்டால், தலைக்கும் தோளுக்கும் நான் கொடுத்த கணக்கு சரியா என்று தெரியும். கடைசியாகச் சட்டையின் கோடுகளை மட்டும், முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை பின்தொடர்ந்து போவேன். கோடு எங்காவது நெளிந்தால் அங்கே Liquify-இல் Freeze Mask பூசி, சுற்றியுள்ளதைக் காப்பாற்றிக்கொண்டு, அந்த நெளிவை மட்டும் சிறிய பிரஷ்ஷால் தள்ளிச் சரிசெய்வேன். Liquify-க்கு என் கடையில் இந்தக் கடைசி வேலை மட்டும்தான். தோளையும் தலையையும் அதனால் தள்ளினால் எலும்பும் துணியும் ஒரே களிமண்ணாக நகரும்.

இந்தப் படத்துக்குச் செய்த எதையும் நான் பாஸ்போர்ட், விசா படங்களுக்குச் செய்வதில்லை. தலை நேராக இருக்க வேண்டும், படத்தைக் கம்ப்யூட்டரில் மாற்றியிருக்கவும் கூடாது என்பது அவற்றின் விதி. அங்கே ஆளை மறுபடி ஸ்டூலின் முன்விளிம்பில் உட்காரவைத்துப் படமெடுப்பது ஒன்றே வழி, அதற்கு ஆகும் நேரமும் குறைவு.

தலை சாய்ந்ததோடு ஒரு பக்கம் திரும்பியும் இருந்தால் இந்த வழி முழுதாக உதவாது. கண்மணிக் கோட்டையும், புருவ நடுவிலிருந்து தாடை நடுவுக்கு இழுத்த கோட்டையும் அளந்து பார்ப்பேன். இரண்டும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தாக இருந்தால் வெறும் சாய்வு. இல்லையென்றால் முகம் திரும்பியிருக்கிறது, அல்லது பிறவியிலேயே சற்றுக் கோணல். திரும்பியதைத் தட்டையான படத்தில் திருப்ப முடியாது. மறைந்த காதும் கன்னமும் படத்துக்குள் இல்லை. பிறவிக் கோணலைத் திருத்தினால் வீட்டார் அறிந்த முகம் போய்விடும். அப்போது படம் கொண்டுவந்தவரிடம் நான் கேட்பது, அதே விசேஷத்தில் எடுத்த மற்ற படங்கள் எல்லாவற்றையும். ஒரே நாள், ஒரே சட்டை, ஒரே வெளிச்சம். ஏதாவது ஒன்றில், முகம் சரியாக விழாமல் போயிருந்தாலும், உடம்பு நிமிர்ந்து காலர் சரியாக உட்கார்ந்திருக்கும். அந்தக் காலரையும் தோளையும் கடன் வாங்கினால் வளைப்பதற்கு எதுவும் இருக்காது. சாவு வீட்டில் நல்ல படம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை அழித்துவிடுகிறார்கள். கருமாதி முடியும் வரை எதையும் அழிக்காமல், போனோடு கடைக்கு வரச் சொல்லுங்கள்.